விலைமனுவை மறுத்து எழுதுவது எப்படி: ஹட்டனில் ஒரு தளபாடக் கொள்வனவு

ஹட்டன் நகரத்தில் ஒரு சிறிய நலன்புரி அமைப்பின் அலுவலகத்தில் கொள்வனவு வேலை பார்க்கிறேன். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குக் விலை கேட்டுக் கடிதம் தயாரிப்பது, மூன்று விலைமனு எடுப்பது, ஒப்பீட்டு அட்டவணை போடுவது எல்லாம் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடுகிறது. ஒரு விலைமனுவை வேண்டாம் என்று எழுதுவதில்தான் தடுமாறுகிறார்கள். ஒன்று, கடைக்காரர் மறுபடி முகம் பார்க்காத மாதிரி எழுதுகிறார்கள். இல்லையென்றால் வேண்டாம் என்றே தெரியாத மாதிரி எழுதுகிறார்கள்.

இரண்டையும் நானே செய்திருக்கிறேன். வேலைக்கு வந்த முதல் வருடம் ஒரு கடைக்கு, "இந்த விலைக்கெல்லாம் எடுக்க முடியாது" என்று ஒரே வரியில் பதில் அனுப்பினேன். அடுத்த மூன்று தடவை விலை கேட்டும் அவர் பதில் போடவே இல்லை. அதற்குப் பயந்து அடுத்தவருக்கு, "குழுவில் பேசி யோசித்துச் சொல்கிறோம், ஐயா" என்று எழுதினேன். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அவரோ கிட்டத்தட்ட சரி என்று எடுத்துக்கொண்டு பலகை வாங்கிப் போட்டுவிட்டார். கடுமையாக எழுதியதில் எங்களுக்கு ஒரு கடை போனது. மென்மையாக எழுதியதில் அந்த மனிதருக்குக் காசு நட்டமானது. இரண்டாவதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் கனக்கிறது.

இங்கே இது பெருநகரத்தைவிட முக்கியமாகிறது. நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத் தோட்டங்களுக்கு மேடேறி வந்து அளவெடுத்து வேலை செய்து கொடுக்கக்கூடிய தச்சுப் பட்டறைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இன்று மறுத்தவரிடம் நாளை போய் நிற்க வேண்டிவரும். கோயில் திருவிழாவிலும் பஸ் நிலையத்திலும் அவரை நேருக்கு நேர் பார்க்க வேண்டிவரும்.

ஒரே ஒரு கொள்வனவை எடுத்துக்கொண்டு, படிப்படியாக எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன். நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டப் பிரிவில் உள்ள முன்பள்ளிக்கு 30 சின்ன நாற்காலியும் 6 மேசையும் தேவைப்பட்டன. ஒரு தச்சுப் பட்டறை தந்த விலைமனு இது:

நாற்காலி 30, ஒன்று 4,800 ரூபா வீதம் 144,000 ரூபா. மேசை 6, ஒன்று 16,000 ரூபா வீதம் 96,000 ரூபா. லொறிக் கூலி 18,000 ரூபா. மொத்தம் 258,000 ரூபா. முற்பணம் 60 வீதம். விலை 14 நாட்களுக்குச் செல்லும்.

எங்கள் குழு இந்த வேலைக்கு ஒதுக்கியிருந்தது லொறிக் கூலியும் சேர்த்து 220,000 ரூபா. முற்பணமாக 30 வீதத்துக்கு மேல் கொடுப்பது எங்கள் நடைமுறையில் இல்லை.

பேனா எடுக்கும் முன்: எது மாறாது, எது மாறலாம்

ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரியில், எந்தக் காரணத்துக்கும் மாறாதவை. எங்களுக்கு அவை இரண்டுதான்: மொத்தம் 220,000 ரூபா, முற்பணம் 30 வீதம். இரண்டாவது வரியில், மாறினால் எங்களுக்குப் பாதகமில்லாதவை. மேசையில் லாச்சி வேண்டுமா? பெயின்ட் வேண்டுமா, வார்னிஷ் போதுமா? லொறி முன்பள்ளி வாசல்வரை ஏற வேண்டுமா, தோட்டத்து ஆட்கள் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் இறக்கினால் போதுமா?

இந்த இரண்டாவது வரி இல்லாமல் எழுதும் மறுப்புதான் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். காரணம் எளிது. "விலையைக் குறையுங்கள்" என்று மட்டும் சொன்னால், அவர் குறைத்த அந்த நிமிடமே முதலில் கூட்டிப் போட்டவர் என்று ஆகிவிடும். எந்தத் தொழிலாளியும் அதை விரும்பமாட்டார். லாச்சியை எடுத்துவிட்டு விலை குறைந்தால் அது வேறு வேலைக்கு வேறு விலை. அவருடைய முதல் விலைக்கு எந்தக் குறையும் வராது. உங்கள் தொகையும் ஒரு ரூபா நகராது.

அதோடு ஒரு சின்னச் சரிபார்ப்பு. விலைமனுவில் உள்ள தொகை முழுத் தொகைதானா என்று பாருங்கள். வட் எனப்படும் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 15 வீதத்திலிருந்து 18 வீதமாகக் கூடியது. அதற்குப் பதிந்துள்ள கடை "வரி சேர்க்கப்படவில்லை" என்று அடியில் சின்னதாகப் போட்டிருந்தால், நீங்கள் மறுக்கும் தொகையே வேறு. எங்கள் பட்டறைக்காரர் வரிக்குப் பதியாதவர் என்பதைக் கேட்டு உறுதிப்படுத்திய பிறகுதான் பதில் எழுதினோம்.

முதலில் போன், அன்றைக்கே எழுத்து

மறுப்பை முதன்முதலாகத் தாளில் பார்ப்பது யாருக்கும் கஷ்டம். ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். ஆனால் போனோடு நிறுத்தாதீர்கள். போனில் பேசியதை அவர் ஒரு மாதிரி நினைவில் வைப்பார், நீங்கள் வேறு மாதிரி வைப்பீர்கள்.

பல கடைக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் இதைப் போடவே கூடாது. அவருடைய போட்டியாளர் பார்க்கும் இடத்தில் எவ்வளவு மரியாதையாக எழுதினாலும் அது அவமானம்தான்.

அன்று நான் பேசியது ஏறக்குறைய இப்படி:

"முதலாளி, ஹட்டன் ஒபிஸ்ல இருந்து பேசுறேன். உங்க கொட்டேஷன் பார்த்தோம். இப்ப இருக்கிற மாதிரி எங்களால எடுக்க முடியாம இருக்கு. அதை முதல்ல உங்ககிட்ட சொல்லிடணும்னுதான் எடுத்தேன்."

"என்னங்க, விலை கூடிப்போச்சா? நீங்க ஒரு விலை சொல்லுங்களேன், பார்த்துச் செய்வோம்."

"எங்க கையில இருக்கிறது லொறியோட சேர்த்து ரெண்டு லட்சத்து இருபதாயிரம். அதுக்கு மேல இல்ல. எதையாவது மாத்தி அதுக்குள்ள வருமான்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும். இன்னைக்கே எழுத்துல அனுப்புறேன்."

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. வேண்டாம் என்பது என்னுடைய முதல் பேச்சிலேயே வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். குடும்பம், மழை, வியாபாரம் எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் மறுப்பைச் சொன்னால், அந்த விசாரிப்பெல்லாம் அதற்கான முன்னேற்பாடாக அவருக்குத் தெரியும். விசாரிப்பதைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்முடைய உச்சத் தொகையைச் சொல்லலாமா என்று புதியவர்கள் எப்போதும் கேட்பார்கள். சொன்னால் புதிய விலை அந்த உச்சத்திலேயே வந்து நிற்கும். அது தெரிந்தேதான் சொன்னோம். மற்ற இரண்டு விலைமனுக்களில் ஒன்று எங்கள் தொகையைத் தாண்டியிருந்தது, மற்றதில் மரம் தரமில்லை. 220,000 ரூபாவுக்குள் நல்ல வேலை கிடைத்தால் போதும் என்பதே எங்கள் நிலை. இன்னும் கீழே வாங்கலாம் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் தொகையைச் சொல்லாதீர்கள். "இந்த விலைக்கு இயலவில்லை" என்பதோடு நிறுத்துங்கள். பொய்யாக ஓர் உச்சத்தை மட்டும் சொல்லாதீர்கள். பிறகு நீங்களே அதைத் தாண்டிக் கொடுக்க நேர்ந்தால், அடுத்த தடவை உங்கள் "மாறாது" என்ற சொல்லை யாரும் நம்பமாட்டார்கள்.

கடுமையான வரைவைத் திருத்துவது

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தர் முதலில் எழுதிக் கொண்டுவந்த வரைவு இது:

"உங்கள் விலைமனு கிடைத்தது. நீங்கள் போட்டிருக்கும் விலை மிக அதிகம். எங்களால் ஏற்க முடியாது. வேறு இடத்தில் இதைவிடக் குறைவாகத் தருகிறார்கள். 60 வீத முற்பணம் எல்லாம் தர மாட்டோம்."

இதில் தகவல் தவறு ஒன்றே ஒன்றுதான். தரமான மரத்தில் குறைந்த விலை வேறெங்கும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அழுத்தம் கொடுக்க எழுதிய வரி அது. அதை முதலில் வெட்டினோம். உண்மையாகவே குறைந்த விலை இருந்தாலும் அதை எழுதக்கூடாது. ஒருவர் நம்பித் தந்த விலையை இன்னொருவருக்குக் காட்டுவதாக ஆகிவிடும்.

அப்புறம் சொற்களுக்கு வந்தோம். "நீங்கள் போட்டிருக்கும் விலை" என்றவுடன் அந்த ஆள் குற்றவாளியாகி நிற்கிறார். "இந்த விலைமனுவை" என்று எழுதினால் மேசைமேல் இருக்கும் ஒரு தாளைப் பற்றிப் பேசுகிறோம். "மிக அதிகம்" என்பது தீர்ப்பு. பலகை விலை, ஆட்கூலி எல்லாம் தெரிந்தவர் அவர். அது அதிகமில்லை என்று அவரால் வாதாட முடியும். "எங்கள் குழு ஒதுக்கியுள்ள தொகை 220,000 ரூபா" என்பது எங்களைப் பற்றிய செய்தி. அதில் அவர் வாதாட எதுவும் இல்லை. மென்மைக்காகச் செய்த இந்த மாற்றம் நம் நிலையை இன்னும் இறுக்கமாக்கிவிடுகிறது.

வினைச்சொல்லில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். "மாட்டோம்" என்றால் மனம் இல்லை என்று பொருள். தர வசதியிருந்தும் தர மறுப்பதாகத் தொனிக்கும். "முடியாது" எழுத்தில் கதவைச் சாத்துகிற சத்தம் போடும், போனில் குரல் அதைத் தணித்துவிடும். "இயலவில்லை" என்பது முடிவு எடுத்தாகிவிட்டது என்பதையும் சொல்கிறது, வருத்தத்தையும் சொல்கிறது. "இயலுமா என்று பார்க்கிறோம்", "கொஞ்சம் கஷ்டம்தான்" என்று எழுதினால் அது மறுப்பே இல்லை. எனக்கு அன்று பலகை விஷயத்தில் நடந்தது இதுதான்.

"60 வீத முற்பணம் எல்லாம்" என்பதில் உள்ள "எல்லாம்" என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். கேட்டதையே இளக்காரமாக்கிவிடுகிறது. "இந்த மேசைக்குப் போய் 16,000 ரூபாவா" என்று எழுதினால் அந்தப் "போய்"யும் அப்படியே. ஒரு வரைவில் இந்த மாதிரிச் சொற்களை மட்டும் எடுத்துவிட்டால் பாதிக் கடுமை போய்விடும். கருத்தில் ஒன்றும் குறையாது.

"ஆனால்" பற்றியும் சொல்ல வேண்டும். "உங்கள் விலைமனுவுக்கு நன்றி, ஆனால்..." என்று எழுதினால் நன்றி வெறும் சடங்காகிவிடும். நன்றியை முழு வாக்கியமாக எழுதி முற்றுப்புள்ளி வையுங்கள். மறுப்பைத் தனிப் பத்தியில் தொடங்குங்கள். நன்றியும் அவருக்கு மட்டுமே பொருந்துவதாக இருக்க வேண்டும். இந்தப் பட்டறைக்காரர் அளவெடுக்கத் தானே தோட்டத்துக்கு வந்தார் என்று முன்பள்ளி ஆசிரியை சொல்லியிருந்தார். அதையே எழுதினோம்.

அனுப்பிய கடிதம் இது:

"ஐயா,

முன்பள்ளிக்கான நாற்காலி, மேசைகளுக்கு 6ஆம் திகதி நீங்கள் தந்த விலைமனுவுக்கு நன்றி. அளவெடுக்க நீங்களே தோட்டம்வரை வந்து போனதை ஆசிரியை சொன்னார்.

இந்த விலைமனுவை இப்போது உள்ளபடி எங்களால் ஏற்க இயலவில்லை. இந்த வேலைக்கு எங்கள் குழு ஒதுக்கியுள்ள தொகை, லொறிக் கூலியும் சேர்த்து, 220,000 ரூபா. முற்பணமாக 30 வீதம்வரை தருவதே எங்கள் நடைமுறை. இவை இரண்டும் மாறாது.

மேசையின் அமைப்பு, பூச்சு, பொருளை இறக்கும் இடம் ஆகியவற்றில் மாற்றம் செய்து இந்தத் தொகைக்குள் தரமுடியுமானால், 16ஆம் திகதிக்குள் புதிய விலைமனு ஒன்றைத் தாருங்கள். மரத்தின் தரமும் நாற்காலியின் உயரமும் முன்பு பேசியபடியே இருக்க வேண்டும். அந்தத் திகதிக்குள் கிடைக்காவிட்டால் இம்முறை வேறு ஏற்பாடு செய்துகொள்வோம்."

"இப்போது உள்ளபடி" என்ற இரண்டு சொற்கள் மறுப்பை அந்தத் தாளோடு நிறுத்துகின்றன. "இவை இரண்டும் மாறாது" என்பதில் மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. அதை "மாற்றுவது சற்றுச் சிரமமாக இருக்கும்" என்று மென்மையாக்கலாமா என்று தங்கச்சி கேட்டார். வேண்டாம் என்றேன். கடிதத்தில் ஒரு வாக்கியமாவது வளையாமல் இருந்தால்தான் மற்ற வாக்கியங்களின் கனிவை யாரும் பலவீனமாக எடுக்கமாட்டார்கள்.

திகதியை அவருடைய 14 நாள் முடிவதற்குள் வைத்தோம். அது முடிந்துவிட்டால் அவர் புதிதாக, கூடிய விலையில் தொடங்க உரிமை உண்டு. இன்னொரு காரணம், மே மாதம் தென்மேற்குப் பருவ மழை தொடங்கினால் ஹட்டன் பக்கம் பலகை காய்வது மிகவும் மெதுவாகும். இங்கே அதிகம் புழங்குகிற யூகலிப்டஸ் பலகையைச் சரியாகக் காயவிடாமல் வேலை செய்தால் முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். மரத்தின் தரம் முன்பு பேசியபடியே இருக்க வேண்டும் என்று கடிதத்தில் எழுதியதும் இதனால்தான். அந்த வரி இல்லாமல் விலையை மட்டும் இறுக்கினால், குறைகிற காசு பச்சைப் பலகையாகத் திரும்பி வரும்.

அனுப்பும் முன் இரண்டு சோதனை

கடிதத்தை இந்த விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, ஒரே ஒரு தடவை வாசிக்கச் சொல்லுங்கள். ஏற்றோமா, இல்லையா? எவ்வளவுக்கு மேல் போகமாட்டோம்? எப்போதுவரை? இந்த மூன்றில் ஒன்றுக்காவது அவர் திரும்பத் தாளைப் பார்த்தால், நீங்கள் தேவைக்கு மேல் மென்மையாக்கிவிட்டீர்கள்.

கடுமைக்கான சோதனை வேறு. அந்தப் பட்டறைக்காரர் தன் வேலையாட்களுக்கு முன்னால் நிற்கிறார் என்று நினைத்து, கடிதத்தைச் சத்தமாக வாசியுங்கள். எந்த இடத்தில் உங்கள் குரல் தானாகத் தாழ்கிறதோ அந்த இடத்தைத் திருத்துங்கள்.

கடை சிங்களத்தில் கடிதம் கேட்டால், மொழிபெயர்க்கும் நண்பரிடம் மறுப்பு வரியை மட்டும் தனியாகக் காட்டி, அது எப்படி ஒலிக்கிறது என்று கேளுங்கள். மற்ற வரிகளில் பெரிய பிழை வருவது குறைவு.

திரும்ப வரும் போன்

கடிதம் போன மறுநாள் அவர் எடுத்தார். "சரிங்க, எனக்கும் வேணாம் உங்களுக்கும் வேணாம், ரெண்டு லட்சத்து நாப்பதுக்கு முடிச்சிடுவோமா?"

நடுவில் வெட்டுகிற இந்தப் பேச்சில்தான் புதியவர்கள் விழுகிறார்கள். 258,000 ரூபாவிலிருந்து அவர் 18,000 ரூபா இறங்கிவிட்டார், நாமும் கொஞ்சம் ஏறாவிட்டால் நன்றாக இருக்காதே என்று தோன்றும். அவர் இறங்கியது பேச்சில், நாம் ஏற வேண்டியது குழுவின் காசில்.

அந்த இடத்தில் புதிய காரணம் எதையும் சொல்லாதீர்கள். நன்கொடை குறைந்துவிட்டது, தலைவர் ஒத்துக்கொள்ளமாட்டார், போன வருடம் குறைவாக வாங்கினோம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வரும். தலைவரைச் சொன்னால் தலைவர் வீட்டுக்கே போய்விடுவார். கடிதத்தில் உள்ள வாக்கியத்தையே, அதே கனிவான குரலில் மறுபடி சொல்லுங்கள்.

"நீங்க இறங்கி வந்தது தெரியுது முதலாளி. தொகை அதேதான், ரெண்டு இருபது. லாச்சி இல்லாம மேசை செஞ்சா எவ்வளவு வரும்னு பார்த்தீங்களா?"

கேள்வி மாறாத தொகையை விட்டு, மாறக்கூடிய வேலைக்குப் போய்விட்டது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "லாச்சிக்குத்தான் கூலி கூட. பார்த்துச் சொல்றேன்" என்றார்.

15ஆம் திகதி புதிய விலைமனு வந்தது. நாற்காலி பெயின்ட் இல்லாமல் வார்னிஷ் மட்டும், ஒன்று 4,300 ரூபா, மொத்தம் 129,000 ரூபா. லாச்சி இல்லாத மேசை ஒன்று 13,500 ரூபா, மொத்தம் 81,000 ரூபா. பிரட்டுக்களம்வரை லொறி 10,000 ரூபா. கூட்டினால் சரியாக 220,000 ரூபா. முற்பணம் 30 வீதம், அதாவது 66,000 ரூபா. பிரட்டுக்களத்திலிருந்து முன்பள்ளிக்குப் பெற்றோர் தூக்கிக்கொண்டு போக ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

கதவே இல்லாதபோது

சில தடவை வேறொருவரைத் தெரிவுசெய்து முடித்திருப்போம். அப்போது புதிய விலைமனு கேட்பது அவரை அலைக்கழிப்பது. நன்றியை எழுதி, "இந்த வேலைக்கு வேறொருவரைத் தெரிவுசெய்துள்ளோம், உங்கள் விலைமனுவை ஏற்க இயலவில்லை" என்று எழுதி முடியுங்கள். "அடுத்த முறை கட்டாயம் உங்களுக்குத்தான்" என்று ஆறுதலுக்காகச் சேர்க்காதீர்கள். மலையகத்து ஊர்களில் அந்த மாதிரி வார்த்தையை ஆட்கள் ஞாபகம் வைத்திருப்பார்கள், அடுத்த முறை வந்து கேட்பார்கள். "அடுத்த முறை விலை கேட்கும்போது உங்களிடமும் கேட்போம்" என்று எழுதலாம், உண்மையாகவே கேட்பதாக இருந்தால்.

இதையும் விலைமனு செல்லும் நாட்கள் முடிவதற்குள் அனுப்புங்கள். நீங்கள் சொல்லாத ஒவ்வொரு நாளும் அவர் அந்த வேலைக்காக ஆளையும் பலகையையும் ஒதுக்கி வைத்திருக்கக்கூடும்.

ஏற்றுக்கொண்ட விலைமனுவுக்குக் கட்டளைக் கடிதம் எழுதும்போது முதல் விலைமனுவின் திகதியைக் குறிப்பிடாமல், 15ஆம் திகதி வந்த இரண்டாவதை மட்டும் குறிப்பிடுங்கள். பழைய தாளும் உள்ளே வந்தால், லாச்சி உண்டா இல்லையா என்ற பேச்சு பொருள் இறக்கும் நாளில் பிரட்டுக்களத்தில் வந்து நிற்கும். மறுப்புக் கடிதத்தின் பிரதியையும் அதே கோப்பில் போட்டு வையுங்கள். கணக்காய்வுக்கு வருகிறவர் இரண்டு விலைமனு ஏன் என்று கட்டாயம் கேட்பார்.